சாவி கொடுத்த தேதியும் சுவரில் ஏறிய ஓதமும்

"குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் 2023 ஜூன் 5-ஆம் தேதி குடிபோனோம். வாடகை 14,000, பிறகு 2025 ஜனவரியிலிருந்து 15,000. அட்வான்ஸ் 42,000. அக்டோபர் வரை வாடகை கட்டியாச்சு. ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நவம்பர் 18 அன்று காலி செய்தோம். ஓனர் கோவையில் இருக்கிறார், அவர் சொன்னபடி பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தோம். டிசம்பர் 14 அன்று கணக்கு அனுப்பினார்: நவம்பர் வாடகை 22 நாளுக்கு 11,000, கரண்ட் 705, தண்ணீர் லாரி பாக்கி 600, வீடு முழுக்க பெயின்ட் 14,000, கீசர் ரிப்பேர் 1,850, ஜன்னல் கண்ணாடி 900, கிளீனிங் 1,500. மொத்தப் பிடித்தம் 31,555, மீதி 10,445 என்கிறார். பின் அறைச் சுவர் மழைக்கு மழை ஓதம் ஏறும், நாங்கள் என்ன செய்ய முடியும்? ஹால் சுவர் ஒன்றில் மகள் கிரேயானில் கிறுக்கியது உண்மை. கண்ணாடி நாங்கள் உடைத்ததுதான். ஆனால் கீசர் அவருடையது, அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? அக்ரிமென்ட்டில் 'சேதம் இருந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளப்படும்' என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?"

முதலில் ஒரு காகிதத்தை எடுத்து அவர் எழுதிய ஏழு தொகைகளையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் இரண்டு முறை கூட்டினேன், 30,555 தான் வருகிறது, 31,555 இல்லை. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்காதீர்கள், கையால் கூட்டும்போது ஆயிரம் இடத்தில் ஒன்று கூடிவிடுவது சாதாரணம்தான். ஆனால் அட்வான்ஸ் கணக்கு கேட்டு வருகிற பலரும் மீதித் தொகையைப் பார்த்து ஆத்திரப்பட்டு நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள், கூட்டலைப் பார்ப்பதே இல்லை. அதனால் எந்தச் சச்சரவும் இல்லாமலே ஆயிரம் ரூபாய் உங்கள் பக்கம் வந்துவிட்டது. அவர் கணக்குப்படியே மீதி 11,445.

இனி ஒவ்வொரு வரியாகப் போகலாம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குப் பின்னால் எந்தத் தேதி இருக்கிறது, எந்த பில் இருக்கிறது? இதில் தேதிதான் முக்கியம்.

வாடகை நாட்கள். 22 நாள் என்று அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நீங்கள் இணைத்து அனுப்பிய பெயின்டர் பில்லைப் பாருங்கள். 19-ஆம் தேதி வேலை தொடங்கி 22-ஆம் தேதி முடிந்ததாக எழுதியிருக்கிறது. கிளீனிங் பில்லும் 22 தேதியிட்டதுதான். வீடு தன் கைக்கு 'ரெடியாக' வந்த நாள் அதுதான் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றாம் தேதியிலிருந்து அதுவரை எண்ணியிருக்கிறார். ஆனால் வாடகை, வீடு உங்கள் வசம் இருந்த நாளுக்கு மட்டும்தான். சாவியை அவர் சொன்ன ஆளிடம் அவர் சொன்னபடி கொடுத்த நேரத்தோடு உங்கள் வசம் முடிந்தது. 19 முதல் 22 வரை உள்ளே ஏணி போட்டு நின்றது அவர் அனுப்பிய பெயின்டர். அந்த நான்கு நாளுக்கு நீங்கள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. 'சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்' என்று அவர் அனுப்பிய செய்தியும், கொடுத்துவிட்டு நீங்கள் போட்ட செய்தியும் போனில் அப்படியே இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள். முழு அட்வான்ஸ் கணக்கும் அந்த இரண்டு செய்தியில்தான் தொங்குகிறது.

சரி, அப்படியானால் 18 நாளா? நிறையப் பேர் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள், நானும் உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது 18 என்றுதான் குறித்து வைத்தேன். பிறகு ஜூன் 5 என்ற தேதியைத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் அன்று குடிபோகும்போது முழு மாத வாடகையாக 14,000 கொடுத்திருக்கிறீர்கள், 26 நாளுக்கு என்று குறைத்துக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் உங்கள் வாடகை மாதம் ஐந்தாம் தேதி தொடங்கி அடுத்த மாதம் நான்காம் தேதி முடிகிறது. வாயில் 'அக்டோபர் வாடகை' என்று சொன்னாலும், அந்தப் பணம் அக்டோபர் 5 முதல் நவம்பர் 4 வரைக்குமானது.

இதை வார்த்தையில் விவாதித்தால் முடிவே வராது. வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அவருக்கு நீங்கள் அனுப்பிய வாடகை எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். 2023-ல் ஏழு, 2024-ல் பன்னிரண்டு, 2025-ல் அக்டோபர் வரை பத்து, ஆக 29 முறை. 2023 ஜூன் 5-லிருந்து 29 மாதம் எண்ணினால் 2025 நவம்பர் 4-ஆம் தேதி முடிகிறது. எனவே நீங்கள் கொடுக்காமல் இருந்த நாட்கள் நவம்பர் 5 முதல் 18 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 14 நாள். அந்த வாடகை மாதம் நவம்பர் 5 முதல் டிசம்பர் 4 வரை, 30 நாள் கொண்டது. 15,000-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 500, பதினான்கு நாளுக்கு 7,000. அவர் எழுதியது 11,000.

'எங்கள் வழக்கம் ஒன்றாம் தேதி முதல்தான்' என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்படியானால் 2023 ஜூன் 1 முதல் 4 வரை நீங்கள் இல்லாத நான்கு நாளுக்கும் வாடகை வாங்கியிருக்கிறார், அதை இப்போது கழித்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும் 14 நாளுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும், அன்றைய வாடகை 14,000 என்பதால் நூற்று சொச்சம் ரூபாய் வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான். சாவி கொடுத்தது 18 காலையிலா மாலையிலா, அந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலும் 500 ரூபாய் இருக்கிறது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், அந்த நாளை அவர் பக்கமே விட்டுவிடுங்கள்.

அடுத்து கரண்ட். 705 ரூபாய் பில் பொய்யில்லை, ஆனால் அது முழுக்க உங்களுடையதும் இல்லை. வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், காலி செய்கிற தேதி எப்போதும் ஒரு பில்லின் நடுவில்தான் வந்து விழும். அவர் அனுப்பிய பில்லில் அக்டோபர் 10 ரீடிங் 4,310, டிசம்பர் 10 ரீடிங் 4,610. நீங்கள் கிளம்புகிற அன்று மீட்டரை எடுத்த போட்டோவில் 4,510. மொத்தம் 300 யூனிட், அதில் உங்களுடையது 200, மீதி 100 நீங்கள் போன பிறகு ஓடியது. 705-ஐ யூனிட் விகிதத்தில் பிரித்தால் உங்கள் பங்கு 470.

நாள் கணக்கில் பிரிக்கலாமே என்று தோன்றும். முப்பத்தொன்பது நாள், அறுபத்தொரு நாள் என்று போட்டால் இந்த பில்லில் கிட்டத்தட்ட அதே தொகைதான் வரும், ஆனால் அதை வழக்கமாக்காதீர்கள். மலையில் கரண்ட் செலவு நாளைப் பொறுத்ததில்லை, கீசரைப் பொறுத்தது. உங்களுக்குப் பிறகு இரண்டு வாரம் வீடு பூட்டியே கிடந்தாலோ, வேறு குடும்பம் வந்து காலையும் மாலையும் வெந்நீர் போட்டாலோ நாள் கணக்கு எங்கோ போய்விடும். இன்னொன்று, உங்கள் 200 யூனிட்டை மட்டும் தனியாக பில் போட்டால் 470-ஐவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இலவச 100 யூனிட் முழுவதையும் உங்கள் பக்கமே எடுத்துக்கொண்டு வாதாட வாய்ப்பு இருக்கிறது. நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மாதச் சலுகை இருவருக்கும் பொதுவானது, விகிதத்தில் பிரிப்பதே நியாயம்.

மீட்டர் போட்டோ எடுத்து வைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். போன வருடம் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அது இல்லை, அடுத்து வந்தவர்கள் போட்ட ஹீட்டர் செலவையும் சேர்த்து அவரிடம் பிடித்திருந்தார்கள், கடைசிவரை அதை என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

தண்ணீர் லாரி 600 நீங்களே ஒப்புக்கொண்ட பாக்கி, அதை விட்டுவிடுவோம்.

இப்போது பெயின்ட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றி 2017-ல் ஒரு சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை, எந்த வேலை யாருடையது என்று பட்டியல் போட்டே கொடுத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் கட்டமைப்பு ரிப்பேர் இவை உரிமையாளர் பக்கம். குடியிருந்தவரால் வந்த சேதத்துக்கான ரிப்பேர் மட்டும் குடியிருந்தவர் தலையில். வழக்கமான தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆகவே 'குடியிருந்தவர் போனார், வீடு முழுக்க அடித்தேன், பில் இதோ' என்பது அட்வான்ஸில் பிடிக்கிற செலவே இல்லை, அடுத்து வருகிறவருக்காக அவர் செய்கிற செலவு அது.

பின் அறை ஓதத்துக்கு வருவோம். குன்னூரில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் போட்டுத் தாக்கும், நீங்கள் காலி செய்தபோது அந்தச் சுவர் மிக மோசமான நிலையில் இருந்திருக்கும். அவர் படம் எடுத்தது அதே வாரத்தில். அதனால் அது நீங்கள் கெடுத்த சுவர் மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. அவர் அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்ட் கொப்புளித்திருப்பது தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரம் வரை, ஒரே கோடாக. கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, கையால் தடவினால் மாவு மாதிரி வரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சுவருக்கு வெளியே மண்மேடு, வீட்டைச் சரிவில் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். மண்மேட்டில் ஊறிய தண்ணீர் சுவர் வழியாக உள்ளே வந்து காயும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது, உப்புதான் பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. இதைக் குடியிருப்பவர் உண்டாக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. வெளியே மண்ணை விலக்கி வடிகால் போடுவது உரிமையாளர் வேலை. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் அதே உயரத்தில் அதே கோடு திரும்ப வரும்.

குடியிருப்பவரும் பங்கு ஏற்க வேண்டிய ஈரம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஓனர் அதைச் சொல்லி வந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னலையே திறக்காமல், வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டு, குளியலறை ஆவி முழுக்க அறைக்குள் விட்டால், பீரோவுக்குப் பின்னாலும் கூரை மூலையிலும் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் படரும். அதில் உப்பு இருக்காது, பெயின்ட் கொப்புளிக்காது, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும், தரையோடு ஒரே கோடாகவும் வராது. உங்கள் படத்தில் இருப்பது அதில்லை. 2024 நவம்பரில் இதே சுவரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அவர் பதில் போட்டிருந்தால், அதைத் தேடி எடுங்கள். அதற்கு மேல் இந்த வரியில் வேறு ஆதாரம் தேவையில்லை.

கிரேயான் கிறுக்கல் வேறு. அது தேய்மானம் இல்லை, சேதம், அதை ஒப்புக்கொள்வதுதான் சரி. எவ்வளவு? பெயின்டர் பில்லில் மொத்தம் 1,400 சதுர அடி, சதுர அடிக்குப் பத்து ரூபாய், 14,000 என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் ஹால் சுவர் 12 அடிக்கு 9 அடி என்று எழுதியிருக்கிறீர்கள், 108 சதுர அடி. உங்கள் பங்கு 1,080 ரூபாய். கிறுக்கல் இருந்தது மூன்றடி உயரம் வரைதான், முழுச் சுவருக்கு ஏன் என்று கேட்டால், பாதிச் சுவருக்கு மட்டும் அடித்தால் பழைய நிறமும் புது நிறமும் ஒட்டாது, எந்தப் பெயின்டரும் அப்படிச் செய்ய மாட்டார். அந்தச் சுவரின் பெயின்ட்டுக்கே இரண்டரை வயதாகிவிட்டது, அதற்கும் கழிவு கேட்கலாம், கேட்டால் சில நூறு குறையும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1,080-ஐ முழுதாகவே ஒப்புக்கொள்வேன், மற்ற 12,920-ஐ உறுதியாக மறுக்க அது உதவும்.

கிளீனிங் 1,500-உம் 22 தேதியிட்டது, பெயின்டர் சிந்தியதைத் தரையிலிருந்து சுரண்டிய கூலி. பெயின்ட் யாருடையதோ அதைத் துடைக்கிற செலவும் அவருடையது. நீங்கள் 18 அன்று வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டுத்தான் வந்தீர்கள் என்பதற்கு அன்று எடுத்த வீடியோ போதும்.

கீசர் விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்கிற பதிலை என்னால் கொடுக்க முடியாது. பொருள் அவருடையதுதான், ஆனால் அதே இரண்டாம் அட்டவணையில் கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பக்கத்தில் இருக்கிறது. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் அந்தப் பக்கம்தான். நீங்கள் குடிபோனபோது அது நன்றாக ஓடியது, போகிற சமயத்தில் தண்ணீர் சூடாகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் பில்லில் எலிமென்ட்டும் தெர்மோஸ்டாட்டும் மாற்றியதாகப் போட்டிருக்கிறார், 1,850 கூடுதலாகத் தெரியவில்லை. கொடுத்துவிடுங்கள். கண்ணாடி 900-உம் அப்படியே.

இப்போது மறுபடி கூட்டுவோம். வாடகை 7,000, கரண்ட் 470, தண்ணீர் 600, ஒரு சுவர் 1,080, கீசர் 1,850, கண்ணாடி 900. மொத்தம் 11,900. நாற்பத்திரண்டாயிரத்தில் கழித்தால் உங்களுக்கு வர வேண்டியது 30,100.

போனில் பேசாதீர்கள், எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கூட்டல் 30,555 வருகிறது, 31,555 என்று இருக்கிறது. தண்ணீர், கீசர், கண்ணாடி மூன்றும் எனக்குச் சம்மதம். ஹால் சுவர் பெயின்ட் 1,080 கொடுக்கிறேன். வாடகை 29 மாதம் கட்டியிருக்கிறேன், அது நவம்பர் 4 வரை ஆகிறது. 18 அன்று சாவி கொடுத்ததால் 14 நாளுக்கு 7,000. கரண்ட்டில் 200 யூனிட் என்னுடையது, 470. பின் அறை ஓதம் வெளி மண்மேட்டால் வருவது, மீதி பெயின்ட்டும் கிளீனிங்கும் என் செலவில் வராது. மீதி 30,100-ஐ இந்த எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள் சார். பில், மீட்டர் படம், பேங்க் ஸ்டேட்மென்ட் கீழே வைத்திருக்கிறேன்."

அதில் ஒப்புக்கொள்கிற வரிகளை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தனக்குச் சேர வேண்டியதை இவர் மறுக்கவில்லை என்று தெரிந்தால்தான் ஓனர் மிச்சத்தைப் பொறுமையாகப் படிப்பார். நவம்பர் 4 என்ற தேதியைப் பார்த்ததுமே அவர் தன் பக்கம் எண்ணிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்ப ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, உங்களுக்கு அது டிசம்பர் 18. அவர் தகராறு தீரும் முன்பே 10,445-ஐ அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் 'கணக்கு முடிந்தது, இனி பாக்கி ஏதும் இல்லை' என்று கையெழுத்தோ செய்தியோ கேட்டால் கொடுக்காதீர்கள். 'பகுதித் தொகை கிடைத்தது, மீதி 19,655 வர வேண்டும்' என்று அன்றே பதில் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் கேட்கப் போனால், 'வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாரே' என்பார்கள்.

எழுதியும் நகரவில்லையென்றால், இந்தச் சட்டத்தின்படி துணை ஆட்சியர் நிலையில் உள்ள ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் போய் மனு எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். அக்ரிமென்ட் tenancy.tn.gov.in-ல் பதிவானதா என்ற கேள்வி அங்கே கண்டிப்பாக எழும், உங்களுடையது வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் நின்றிருந்தால் அதற்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வழக்கறிஞரை முதலில் பாருங்கள். உங்கள் கணக்கு அந்த அளவுக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் செய்தியை இன்றே அனுப்புங்கள், 29 வாடகையும் தெரிகிற ஸ்டேட்மென்ட்டை இணைக்க மறக்காதீர்கள்.